நடையும் ஓட்டமும் ஒரே காலில் கலக்க: சிங்க் மார்க்கர், ஃபேஸ் பொருத்தம் – முழுமையான வழிகாட்டி

நடை அனிமேஷன் கிளிப்பைத் தனியாக ஓடவிட்டால் நன்றாக இருக்கிறது, ஓட்டக் கிளிப்பும் அப்படித்தான். இரண்டையும் பாதிக்குப் பாதி பிளெண்ட் செய்த அடுத்த நொடி கேரக்டர் காலைத் தேய்த்துக்கொண்டு, முட்டியை மடக்காமல், தரையில் வழுக்கிப் போக ஆரம்பிக்கிறது. கேரக்டர் கன்ட்ரோலர் எழுதிய எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் பிளெண்ட் நேரத்தைக் குறைத்து மறைக்கப் பார்ப்போம், அதனால் குறை கண்ணில் படும் நேரம் மட்டும்தான் குறையும். காரணம் அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். பிளெண்ட் என்பது ஒவ்வொரு எலும்பின் நிலையையும் இரண்டு கிளிப்பிலிருந்தும் எடுத்துச் சராசரி பார்ப்பது, அவ்வளவுதான். அந்தக் கணத்தில் நடைக் கிளிப்பில் இடது தொடை முன்னால் 25 டிகிரியிலும், ஓட்டக் கிளிப்பில் அதே தொடை பின்னால் 25 டிகிரியிலும் இருந்தால் சராசரி பூஜ்யம். கால் நேராக நிற்கும். இரண்டு கிளிப்பும் ஒரே கணத்தில் ஒரே காலை ஊன்ற வேண்டும், ஊன்றியதிலிருந்து அடுத்த ஊன்றல் வரை ஒரே விகிதத்தில் முன்னேற வேண்டும். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் நீளம் எவ்வளவு வேறுபட்டாலும் கலக்கும். சிங்க் மார்க்கர் என்பது அந்த ஊன்றல் கணங்களைக் கிளிப்பில் குறித்து வைப்பது. ஃபேஸ் பொருத்தம் என்பது அந்தக் குறிகளைக் கொண்டு இரண்டு கிளிப்பின் கடிகாரத்தையும் ஒன்றாக்குவது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். எல்லாம் நொடிக்கு 30 ஃபிரேம். நடை 33 ஃபிரேம், அதாவது 1.1 நொடி, வேகம் நொடிக்கு 1.5 மீட்டர். ஓட்டம் 21 ஃபிரேம், அதாவது 0.7 நொடி, வேகம் நொடிக்கு 4 மீட்டர். இரண்டிலும் ஒரு முழுச் சுழற்சி, அதாவது இடது ஒரு அடி, வலது ஒரு அடி.

## முதலில் அளவெடுங்கள்

கால் எந்த ஃபிரேமில் தரையைத் தொடுகிறது என்று கண்ணால் பார்த்துக் குறிப்பதை நான் முதல் முயற்சிக்கு மட்டும்தான் நம்புவேன். ஏன் என்றால், நம் ஓட்டக் கிளிப்பில் கால் ஊன்றியிருக்கும்போது உடலைப் பொறுத்துப் பாதம் நொடிக்கு 4 மீட்டர் பின்னால் போகிறது, அது ஒரு ஃபிரேமுக்கு 13 சென்டிமீட்டருக்கும் மேல். மார்க்கர் ஒரே ஒரு ஃபிரேம் தள்ளிப்போனாலும் பாதம் அவ்வளவு தூரம் தப்பான இடத்தில் இருக்கும், பிளெண்டில் ஓட்டத்தின் பங்கு, அதாவது வெயிட், பாதியாக இருந்தால் அதில் பாதியாவது திரையில் தெரியும். நடையில் அதே தவறு 5 சென்டிமீட்டர்தான். ஆகவே ஓட்டக் கிளிப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும், முடிந்தால் பாதி ஃபிரேம் வரைக்கும் துல்லியமாக.

குதிகால், விரல்களுக்குப் பின்னால் உள்ள பந்துப்பகுதி என்று பாதத்தில் இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அவற்றின் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். நடையில் குதிகால் முதலில் தொடும், ஓட்டத்தில் பல கிளிப்புகளில் பாதத்தின் நடுவோ முன்பகுதியோ முதலில் தொடும். இரண்டில் எது முதலில் கீழே வருகிறதோ அதைப் பாருங்கள். உயரம் இறங்கி வந்து, கிளிப்பிலேயே மிகக் குறைந்த உயரத்துக்கு 2 சென்டிமீட்டர் அருகில் வந்து, கீழ்நோக்கிய வேகமும் அடங்குகிற ஃபிரேம்தான் ஊன்றல். வேர் எலும்பு நகர்கிற கிளிப்பாக இருந்தால் இன்னும் எளிது, பாதத்தின் உலக வேகம் கிட்டத்தட்ட பூஜ்யமாகிற இடம் அதுவே.

ஒரு குறுக்குவழி அடிக்கடி கண்ணில் படுகிறது: பாதம் இடுப்புக்கு முன்னால் அதிகத் தூரம் நீளும் ஃபிரேமையே ஊன்றலாக எடுப்பது. நடைக்கு அது ஓரளவு சரியாக வரும். ஓட்டத்தில் கால் முன்னால் நீண்டு, பிறகு சற்றுப் பின்னால் இழுபட்டுத்தான் தரையைத் தொடுகிறது, அதனால் மார்க்கர் சீக்கிரமே விழுந்துவிடும். ஒன்றில் சரி, இன்னொன்றில் முன்னால் என்றால் பிளெண்ட் முழுக்கக் கால் சறுக்கும்.

நம் உதாரணத்தில் அளந்து கிடைத்தது இது:

```
walk  len 33   L 3    R 20
run   len 21   R 2    L 12
```

நடை இடது காலில் தொடங்குகிறது, ஓட்டம் வலது காலில் தொடங்குகிறது. வெவ்வேறு நாளில் பதிவான மோஷன் கேப்சர் கிளிப்புகளில் இது சாதாரணம். இதை அப்படியே நீள விகிதத்தில் இணைத்தால் நடையின் இடது ஊன்றல் 3/33, அதாவது 0.09-இல் வரும். ஓட்டத்தின் வலது ஊன்றல் 2/21, அதாவது 0.095-இல் வரும். எதிரெதிர்க் கால்கள் கிட்டத்தட்ட மிகச் சரியாக மோதுகின்றன. நான் மேலே சொன்ன தொடை பூஜ்யமாகும் கதை இங்கே சுழற்சி முழுவதும் நடக்கும்.

நீளத்தை எண்ணும்போது ஒரு விஷயம். 33 ஃபிரேம் லூப்பில் 0 முதல் 33 வரை 34 கீகள் இருக்கும், கடைசிக் கீ முதல் கீயின் நகல். நீளம் 33தான். நான் ஒரு முறை 34 என்று வைத்துக் கணக்குப் போட்டு, லூப் திரும்பும் இடத்தில் மட்டும் கால் துடிப்பதைப் பார்த்து இரண்டு நாள் ஐகே-யைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே போல ஊன்றல் மிகச் சரியாக லூப் எல்லையில் வந்தால் 0-இல் மட்டும் மார்க்கர் வையுங்கள், கடைசியிலும் இன்னொன்று வைத்தால் பூஜ்ய நீளத்தில் ஒரு துண்டு உருவாகி வகுத்தலில் போய் வெடிக்கும்.

## குறிப்பது, பெயரிடுவது

பெயர் எல்லாக் கிளிப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும், வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். `L`, `R` போதும். ஒரு கிளிப்பில் `L` என்றும் இன்னொன்றில் `LeftFoot` என்றும் வைத்தால் இரண்டும் ஒன்று என்று எந்த எஞ்சினுக்கும் தெரியாது. அன்ரியல் எஞ்சினில், ஒன்றாக இணைந்து ஓடும் சிங்க் குழுவில் உள்ள எல்லாக் கிளிப்புக்கும் பொதுவான மார்க்கர்கள் மட்டுமே கணக்கில் வரும். பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால் அது சத்தமில்லாமல் நீள விகிதத்துக்கே திரும்பிவிடும். எல்லாம் வைத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் முதலில் எழுத்துப்பிழையைத் தேடுங்கள்.

இங்கே ஓர் ஆசை எழும். ஊன்றலைக் குறித்தாயிற்று, கால் தரையை விடும் கணத்தையும் குறித்தால் இன்னும் துல்லியமாக வருமே என்று தோன்றும். நடைக்கும் ஓட்டத்துக்கும் இடையில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். நடையில் ஒரு கால் ஊன்றிய பிறகுதான் மற்றக் கால் தரையை விடுகிறது, இரண்டு காலும் தரையில் இருக்கும் ஒரு சிறு நேரம் உண்டு. ஓட்டத்தில் ஒரு கால் தரையை விட்டு, இரண்டும் காற்றில் இருந்து, பிறகுதான் மற்றது ஊன்றுகிறது. வரிசையாக எழுதிப் பாருங்கள்:

```
walk  L_down  R_up  R_down  L_up
run   L_down  L_up  R_down  R_up
```

இரண்டும் வேறு வரிசை. எந்த நீட்டலும் சுருக்கலும் இந்த இரண்டு வரிசையையும் ஒன்றாக்காது, ஏனென்றால் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் ஒழிய அது முடியாது. மார்க்கர் முறையின் எல்லை எங்கே என்று கேட்டால் நான் இந்த இரண்டு வரியைத்தான் காட்டுவேன். ஊன்றலை மட்டும் பொருத்த முடியும், கால் எவ்வளவு நேரம் தரையில் இருக்கிறது என்பதைப் பொருத்த முடியாது. நடையில் சுழற்சியின் ஏறக்குறைய 60 சதவீதம் ஒரு பாதம் தரையில் இருக்கும். ஓட்டத்தில் அது பாதிக்கும் குறைவு.

இரண்டிலும் ஒரே வரிசையில் வருகிற இன்னொரு கணம் இருக்கிறது, அது காற்றில் உள்ள கால் ஊன்றிய காலைக் கடக்கும் கணம். அதைப் பிறகு பார்ப்போம், முதலில் இரண்டு மார்க்கரோடு கணக்கை முடிப்போம்.

## கடிகாரத்தை ஒன்றாக்குவது

கிளிப்பை மார்க்கர்களில் வெட்டுங்கள். நடையில் `L` முதல் `R` வரை 17 ஃபிரேம், `R`-இலிருந்து லூப் சுற்றி அடுத்த `L` வரை 16. ஓட்டத்தில் `L` முதல் `R` வரை லூப்பைச் சுற்றிக்கொண்டு 11, `R` முதல் `L` வரை 10. இனி, நடை இப்போது எந்தத் துண்டில் எத்தனை பங்கு கடந்திருக்கிறது என்று பார்த்து, ஓட்டத்தில் அதே பெயருள்ள துண்டில் அதே பங்கில் நிற்க வைக்க வேண்டும்.

நடை 10-ஆவது ஃபிரேமில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது ஊன்றி 7 ஃபிரேம் ஆகிறது, 17-இல் 7 என்பது 0.412 பங்கு. ஓட்டத்தின் 11 ஃபிரேம் துண்டில் 0.412 பங்கு என்றால் 4.53 ஃபிரேம். 12-உடன் கூட்டினால் 16.53. ஓட்டக் கிளிப் அங்கே நிற்க வேண்டும். நடை 18-இல் இருந்தால் 15/17, அதாவது 0.882. 11-இல் அது 9.71, கூட்டினால் 21.71, லூப் நீளம் 21-ஐக் கழித்தால் 0.71. சுற்றித் திரும்பும் இந்த இடத்தைக் கோடில் மறந்தால்தான் சுழற்சிக்கு ஒரு முறை ஒரு வெட்டு தெரியும்.

```python
def seg(clip, i):
    m = clip["marks"]
    j = (i + 1) % len(m)
    return m[i][1], (m[j][1] - m[i][1]) % clip["len"]

def locate(clip, t):
    for i, (name, _) in enumerate(clip["marks"]):
        start, span = seg(clip, i)
        into = (t - start) % clip["len"]
        if into < span:
            return name, into / span

def place(clip, name, frac):
    for i, (n, _) in enumerate(clip["marks"]):
        if n == name:
            start, span = seg(clip, i)
            return (start + frac * span) % clip["len"]

walk = {"len": 33, "marks": [("L", 3), ("R", 20)]}
run  = {"len": 21, "marks": [("R", 2), ("L", 12)]}
print(place(run, *locate(walk, 10)))   # 16.53
```

இந்தக் கோடு ஒரு சுழற்சி மட்டும் உள்ள கிளிப்புக்குத்தான் சரி. உங்கள் ஓட்டக் கிளிப்பில் இரண்டு சுழற்சி இருந்தால், அதாவது L R L R என்று மார்க்கர்கள் இருந்தால், `place` எப்போதும் முதல் `L`-ஐயே பிடிக்கும், கிளிப்பின் பின்பாதி திரைக்கு வரவே வராது. அந்த நிலையில் இப்போது எத்தனையாவது துண்டில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு கிளிப்புக்கும் தனியாக நினைவில் வைத்து, மார்க்கர் தாண்டும்போதெல்லாம் ஒன்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். பெயரை வைத்துத் தேடுவது கிளிப் உள்ளே நுழையும் அந்த ஒரு முறை மட்டும்.

நுழையும் நேரம் என்பதும் முக்கியம். ஓட்டக் கிளிப்புக்கு வெயிட் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கும் முதல் ஃபிரேமிலேயே அது பொருந்திய இடத்தில் நிற்க வேண்டும். 0-இல் தொடங்கிவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது வந்து சேர்வதற்குள் பிளெண்டே முடிந்திருக்கும்.

## யார் முன்னே போவது

மேலே நடையை முன்னோடியாக வைத்து ஓட்டத்தைப் பின்தொடர வைத்தோம். முன்னோடி தன் சொந்த வேகத்தில் போகும், பின்தொடர்பவன் அதற்கு ஏற்ப நீளும் அல்லது சுருங்கும். அன்ரியலின் சிங்க் குழுவில் `Can Be Leader` என்று, கிளிப்பை ஓட்டும் இரண்டு பிளேயர் நோடையும் விட்டால் வெயிட் அதிகம் உள்ளது முன்னோடியாகிறது. அதன் விளைவை நினைத்துப் பாருங்கள்: ஓட்டத்தின் வெயிட் 0.49-இல் இருக்கும் வரை சுழற்சி 33 ஃபிரேம், 0.51 ஆனதும் 21 ஃபிரேம். கால்களின் நிலை குதிக்காது, மார்க்கர் அதைக் காப்பாற்றிவிடும். கால்களின் வேகம் மட்டும் ஒரே ஃபிரேமில் ஒன்றரை மடங்குக்கும் மேல் தாவும். "பிளெண்ட் சரிதான், ஆனால் நடுவில் யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது" என்று டெஸ்ட் செய்பவர் சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு நான் விரும்பும் வழி, யாரையும் முன்னோடியாக்காமல் 0 முதல் 1 வரை ஓடும் ஒரே ஃபேஸை நடுவில் வைப்பது. `L` ஊன்றல் 0, `R` ஊன்றல் 0.5. ஃபேஸை நாம் முன்னே நகர்த்துவோம், இரண்டு கிளிப்பும் அதைப் பார்த்துத் தங்கள் இடத்தைக் கண்டுகொள்ளும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு இப்போதைய துண்டின் நீளத்தை வெயிட்டுக்கு ஏற்பக் கலக்க வேண்டும். பாதி வெயிட்டில் `L` முதல் `R` வரை 17-க்கும் 11-க்கும் நடுவே 14 ஃபிரேம். மறுபாதி 16-க்கும் 10-க்கும் நடுவே 13. மொத்தம் 27 ஃபிரேம், 0.9 நொடி. வெயிட் மெதுவாக ஏறினால் சுழற்சியும் 33-லிருந்து 21-க்கு மெதுவாக இறங்கும்.

```python
def step(phase, dt, w, fps=30):
    left = phase < 0.5
    a, b = (17, 11) if left else (16, 10)
    frames = a + w * (b - a)
    return (phase + 0.5 * dt * fps / frames) % 1.0
```

அன்ரியலில் இரண்டு தனிப் பிளேயருக்குப் பதில் ஒரே `Blend Space`-க்குள் கிளிப்புகளை வைத்தாலும் சாம்பிள்களின் நீளம் வெயிட்டுப்படி கலக்கிறது, அதனால் தாவல் இருக்காது. நடை–ஓட்டம் போன்று தொடர்ந்து மாறும் விஷயத்துக்கு அதுவே பொருத்தம். தனிப் பிளேயர்களை ஒரு முறை மாறிப் போகும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## பாதி வெயிட் என்றால் பாதி வேகம் இல்லை

கால்கள் பொருந்திவிட்டன, ஆனாலும் பாதம் தரையில் மெல்லச் சறுக்குகிறது. மார்க்கரைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நடை ஒரு சுழற்சியில் 1.5 × 1.1, அதாவது 1.65 மீட்டர் போகிறது. ஓட்டம் 4 × 0.7, அதாவது 2.8 மீட்டர். பாதி வெயிட்டில் கால்கள் விரிகிற தூரம் இவற்றின் சராசரி, ஏறக்குறைய 2.225 மீட்டர். சுழற்சி நேரம் 0.9 நொடி. ஆக உண்மையான வேகம் நொடிக்கு 2.47 மீட்டர். ஆனால் 1.5-க்கும் 4-க்கும் நடுப்புள்ளி 2.75, கன்ட்ரோலர் கேரக்டரை அந்த வேகத்தில்தான் தள்ளிக்கொண்டிருக்கும். வித்தியாசம் நொடிக்கு 28 சென்டிமீட்டர், அது முழுக்க முழுக்கக் கால் சறுக்கலாகத் தெரியும்.

தீர்வு, வேகத்திலிருந்து வெயிட்டைத் தலைகீழாகக் கண்டுபிடிப்பது:

```
w = (v*T1 - S1) / ((S2 - S1) - v*(T2 - T1))
```

`S` ஒரு சுழற்சியின் தூரம், `T` அதன் நேரம், 1 நடை, 2 ஓட்டம். `v` 2.75 என்றால் மேலே 3.025 − 1.65 = 1.375, கீழே 1.15 + 1.1 = 2.25, வெயிட் 0.611. அதாவது 2.75 வேகத்தில் ஓட்டத்தின் பங்கு பாதி அல்ல, 61 சதவீதம். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் போகிற சறுக்கல், மார்க்கரை எத்தனை முறை நகர்த்தினாலும் போயிருக்காது.

## கடக்கும் கணம்

இப்போது அந்த மூன்றாவது கணம். காற்றில் உள்ள கால் ஊன்றிய காலைக் கடக்கும் இடம் நடையில் துண்டின் ஏறக்குறைய நடுவில் வரும். ஓட்டத்தில் ஊன்றிய சிறிது நேரத்திலேயே வந்துவிடும், ஏனென்றால் துண்டின் பின்பகுதியைக் காற்றில் இருக்கும் நேரம் எடுத்துக்கொள்கிறது. நம் கிளிப்பில் இடது ஊன்றிய துண்டில் நடை 11-இல் கடக்கிறது, ஓட்டம் 16-இல் கடக்கிறது. இரண்டு மார்க்கர் மட்டும் இருந்தால் நடை 11-இல் இருக்கும்போது ஓட்டம் 17.18-இல் நிற்கும், கடந்து ஒரு ஃபிரேமுக்கும் மேல் ஆகியிருக்கும். அதனால் முட்டிகள் கடக்கும் இடத்தில் ஒரு தடுமாற்றம் தெரியும். `L_pass`, `R_pass` என்று இன்னும் இரண்டு குறி வைத்தால் அது போகும். வரிசை இரண்டிலும் `L L_pass R R_pass` என்றே வருவதால் பிரச்சினை இல்லை. ஆனால் மேலே உள்ள `step` அரைச் சுழற்சித் துண்டுகளுக்காக எழுதியது, நான்கு துண்டாகும்போது ஒவ்வொன்றுக்கும் அதன் நீளத்தையும் 0.5-க்குப் பதில் 0.25-ஐயும் கொடுக்க வேண்டும்.

விலை ஒன்று உண்டு. துண்டுக்குத் துண்டு நீட்டும் விகிதம் மாறுவதால் மார்க்கரைத் தாண்டும்போது கிளிப்பின் வேகம் சட்டென மாறுகிறது. பாதி வெயிட்டில் இது கைகளில் ஒரு சின்னத் துடிப்பாகத் தெரியலாம். அதனால் இந்த நான்கோடு நிறுத்திக்கொள்வேன். இதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு குறியும் இன்னொரு முறிவு.

## மார்க்கரால் தீராதது

எல்லாம் சரியாகச் செய்தும் நடுவெயிட்டில் கேரக்டர் மிதப்பது போல இருக்கும், எடையே இல்லாதது போல. இடுப்பின் உயரத்தை வரைந்து பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. நடையில் ஊன்றிய கால் ஒரு கோல் போல நிற்க உடல் அதன் மேல் ஏறி இறங்குகிறது, ஆகவே கால் உடலுக்கு நேர் கீழே வரும்போது இடுப்பு மிக உயரத்தில் இருக்கும். ஓட்டத்தில் கால் ஸ்பிரிங் போல அமுங்குகிறது, அதே கணத்தில் இடுப்பு மிகத் தாழ்வில் இருக்கும். கால்களை நாம் எவ்வளவு சரியாகப் பொருத்துகிறோமோ அவ்வளவு சரியாக இடுப்பின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மனிதர்கள் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுகிறார்கள், அந்த மாற்றம் ஓரிரு அடிகளில் முடிந்துவிடும். நடையும் ஓட்டமும் பாதிப்பாதியாக யாரும் போவதில்லை.

அதனால் நடுவில் ஒரு ஜாக், அதாவது மெல்லோட்டக் கிளிப் வையுங்கள், நொடிக்கு சுமார் 2.5 மீட்டர் வேகத்தில். ஜாக்கும் ஓட்டமும் ஒரே இயக்கம், இரண்டும் அமுங்கி எழுவன, எந்த வெயிட்டிலும் அழகாகக் கலக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே நிற்கலாம். நடையிலிருந்து ஜாக்குக்குப் போகும் பகுதியைக் குறுக்கிவிடுங்கள்: 1.8 வரை நடையையே வேகம் கூட்டி ஓடவிட்டு, 1.8-க்கும் 2.2-க்கும் இடையில் சட்டென மாறி, அதன் பின் ஜாக்கை வேகம் குறைத்து ஓடவிடலாம். கன்ட்ரோலர் ஸ்டிக்கைப் பாதியில் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியிலேயே நிற்கும் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக ஏறும் எல்லையையும் இறங்கும் எல்லையையும் வேறாக வைத்தால் கேரக்டர் இரண்டுக்கும் நடுவே ஊசலாடாது. இந்தக் குறுகிய மாற்றத்தில்தான் மார்க்கர் மிகவும் உதவுகிறது, அரை நொடியில் முடியும் மாற்றத்தில் கால் தப்பினால் அதைச் சரிசெய்ய அவகாசமே இருக்காது.

## எஞ்சினில் வைக்கும்போது

அன்ரியலில் அனிமேஷன் சீக்வென்ஸைத் திறந்து, நோட்டிஃபை டிராக்கில் வலது கிளிக் செய்து `Add Sync Marker` வழியாக வைக்கலாம். பிறகு அனிமேஷன் கிராஃபில் பிளேயர்களுக்கு ஒரே குழுப் பெயரைக் கொடுங்கள். மேல்உடல் கிளிப் போல எப்போதும் பின்தொடர வேண்டியவற்றுக்கு `Always Follower`.

யூனிட்டியின் பிளெண்ட் ட்ரீயில் மார்க்கர் இல்லை, அது நீள விகிதத்தில்தான் இணைக்கிறது. அதனால் கிளிப்பையே அதற்கேற்பத் தயார் செய்ய வேண்டும். இம்போர்ட் அமைப்பில் `Cycle Offset` இருக்கிறது. நடைக்கு 3/33, அதாவது 0.091, ஓட்டத்துக்கு 12/21, அதாவது 0.571 கொடுத்தால் இரண்டிலும் இடது ஊன்றல் தொடக்கத்துக்கு வரும். பிரிவியூவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போது வலது ஊன்றல் நடையில் 17/33, 0.515. ஓட்டத்தில் 11/21, 0.524. வித்தியாசம் 0.009, நடைக் கிளிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஃபிரேம்கூட இல்லை. அதாவது நம் உதாரணம் போன்ற சமச்சீரான கிளிப்புகளுக்கு இந்த ஓர் எண்ணே போதும், அன்ரியலிலும் கூடத் தொடக்கத்தைச் சீராக்கிவிட்டால் மார்க்கர் இல்லாமலே ஓடும். நொண்டி நடப்பது, கனமான பொருளை ஒரு தோளில் சுமப்பது, ஒன்றில் ஒரு சுழற்சியும் இன்னொன்றில் இரண்டும் இருப்பது, இவற்றில்தான் மார்க்கர் இல்லாமல் முடியாது.

காலடிச் சத்தத்தையும் மறக்காதீர்கள். இரண்டு கிளிப்பிலும் சத்தத்துக்கான நோட்டிஃபை இருந்தால் பிளெண்டில் ஒரே அடிக்கு இரண்டு முறை கேட்கும். ஃபேஸ் 0-ஐயும் 0.5-ஐயும் தாண்டும்போது ஒரே இடத்திலிருந்து ஒலிக்க விட்டால் இது முடிந்தது.

## சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

வெயிட்டை 0.5-இல் பூட்டுங்கள், வேகத்தை ஐந்தில் ஒரு பங்காக்குங்கள், கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள். பிளெண்டான இடது பாதத்தின் உயரத்தை வரைபடமாக்கினால் ஒரு சுழற்சிக்கு ஒரே ஒரு பள்ளம் தெரிய வேண்டும். இரண்டு பள்ளம் தெரிந்தால் எதிர்க் கால்கள் கலக்கின்றன, பெயரோ வரிசையோ தவறு. ஒரு பள்ளம்தான், ஆனால் அதன் இடது விளிம்பு சரிந்து படிபோல் இருந்தால் ஒரு கிளிப்பின் ஊன்றல் மார்க்கர் ஓரிரு ஃபிரேம் தள்ளியிருக்கிறது. பள்ளத்தின் வலது விளிம்பு மட்டும் மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது கால் தரையை விடும் நேரத்தின் வேறுபாடு, மேலே சொன்ன வரிசைச் சிக்கல்தான்.

அப்புறம் வெயிட்டை 0-இலிருந்து 1-க்கு அரை நொடியில் ஏற்றி, ஃபேஸ் 0.1, 0.3, 0.6, 0.8 என்று வெவ்வேறு இடங்களில் மாற்றத்தைத் தொடங்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் தொடங்கி மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டவசமாகப் பொருந்தும் இடமாக அது இருந்துவிடலாம். குறிப்பாக 0-க்குச் சற்று முன்னும் 0.5-க்குச் சற்று முன்னும் தொடங்குங்கள், துண்டு மாறும் இடமும் லூப் சுற்றும் இடமும் அங்கேதான் உடையும்.